அளந்த அலைநீளங்களிலிருந்து செம்பெயர்ச்சியைக் கணக்கிடுவது எப்படி: 3சி 273-இன் நிறமாலையை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

கன்னி விண்மீன் குழுவில் பதின்மூன்றாம் பொலிவெண் அளவில் மங்கலாகத் தெரியும் ஒரு புள்ளிக்கு 3சி 273 என்று பெயர். முதலில் அது ஒரு ரேடியோ மூலமாகத்தான் அறியப்பட்டது. 1962-இல் நிலவு அந்த மூலத்தை மறைத்த வேளைகளில் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கியைக் கொண்டு சிரில் ஹசார்டும் அவருடைய குழுவினரும் அதன் இருப்பிடத்தைத் துல்லியமாகக் கண்டறிந்தனர். அந்த இடத்தில் விண்மீன் போன்ற ஒரு புள்ளி இருந்தது. அதன் நிறமாலையை 1962 டிசம்பர் இறுதியில் கலிபோர்னியாவின் பாலோமர் மலையிலுள்ள 200 அங்குலத் தொலைநோக்கியால் பதிவு செய்த மார்ட்டன் ஷ்மிட், அதில் இருந்த அகன்ற உமிழ்வு வரிகள் எந்தத் தனிமத்துக்கு உரியவை என்பதை 1963 பிப்ரவரி 5 அன்று கண்டுகொண்டார். மார்ச் மாதத்தில் நேச்சர் இதழில் அவர் வெளியிட்ட அலைநீளங்களையே இங்கே எடுத்துக்கொண்டு, அவற்றிலிருந்து செம்பெயர்ச்சியை, அதாவது ஒளியின் அலைநீளம் சிவப்பை நோக்கி நீண்ட அளவை, பெறும் வழியைத் தொடக்கம் முதல் இறுதிவரை பார்க்கலாம். தொலைவிலுள்ள ஒரு விண்மீன் திரளின் பிரகாசமான கருவே 3சி 273 என்பது பின்னர் உறுதிப்பட்டது. ஆகையால் விலகிச் செல்லும் எந்த விண்மீன் திரளுக்கும் இதே படிகள் பொருந்தும்.

ஒளி ஏன் நீள்கிறது

கணக்கைத் தொடங்கும் முன், நாம் அளக்கப்போகும் எண் எதனால் உண்டாகிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு மூலம் v என்ற வேகத்தில் நம்மை விட்டு நேர்கோட்டில் விலகுகிறது என்று கொள்வோம். அந்த வேகத்துக்கும் ஒளியின் வேகமான c-க்கும் உள்ள விகிதத்தை β என்று குறிப்போம். மூலத்தோடு சேர்ந்து நகரும் ஒரு கடிகாரத்தில், ஓர் அலைமுகடு புறப்பட்டதற்கும் அடுத்த முகடு புறப்படுவதற்கும் இடையே T₀ என்ற நேரம் கழிகிறது. சார்பியல் கூறும் கால விரிவின்படி, நம்முடைய கடிகாரங்களில் அந்த இடைவெளி γT₀ ஆகும். இங்கே γ = 1/√(1 − β²). அந்த நேரத்துக்குள் மூலம் நம்மை விட்டு vγT₀ தொலைவு கூடுதலாக விலகிவிடுகிறது. எனவே இரண்டாவது முகடு அந்தக் கூடுதல் தொலைவையும் கடந்தே நம்மிடம் வர வேண்டும். அதற்கு ஆகும் நேரம் βγT₀. இரண்டையும் கூட்டினால் நம்மை வந்தடையும் முகடுகளுக்கு இடைப்பட்ட நேரம் கிடைக்கிறது:

T = γ(1 + β)T₀ = T₀ √[(1 + β)/(1 − β)]

இந்தச் சமன்பாட்டில் இரண்டு காரணங்கள் பெருக்கலாக இணைந்திருப்பதைக் கவனியுங்கள். (1 + β) என்பது ஒலிக்கும் பொருந்துகிற பழைய டாப்ளர் விளைவு. γ என்பது சார்பியல் மட்டுமே சேர்க்கும் பங்கு. வேகம் குறைவாக இருக்கும்போது γ ஏறத்தாழ 1 என்பதால் அதை விட்டுவிட்டாலும் பிழை தெரியாது. ஆனால் ஒளியின் வேகத்தில் ஏழில் ஒரு பங்கை எட்டும்போது அதை விட்டுவிட முடியாது என்பதைப் பின்னால் எண்களிலேயே காண்போம்.

முகடுகளுக்கு இடைப்பட்ட நேரம் எத்தனை மடங்கு கூடுகிறதோ அத்தனை மடங்கு அலைநீளம் கூடுகிறது. அதிர்வெண் அத்தனை மடங்கு குறைகிறது. நாம் பெறும் அலைநீளத்தை λ என்றும், அதே வரி ஆய்வகத்தில் காட்டும் அலைநீளத்தை λ₀ என்றும் குறித்தால், செம்பெயர்ச்சி z இவ்வாறு வரையறுக்கப்படுகிறது:

1 + z = λ/λ₀ = f₀/f

அதிர்வெண்ணில் வேலை செய்பவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் இது. செம்பெயர்ச்சி என்பது அதிர்வெண் குறைவை மூல அதிர்வெண்ணால் வகுத்துக் கிடைக்கும் எண் அன்று. ஹைட்ரஜன் பீட்டா வரியின் ஆய்வக அதிர்வெண் 616.51 டெராஹெர்ட்ஸ், 3சி 273-இல் அது 532.15 டெராஹெர்ட்ஸாக வருகிறது. குறைவை 616.51-ஆல் வகுத்தால் 0.137 கிடைக்கும், அது தவறான விடை. நாம் பெற்ற அதிர்வெண்ணான 532.15-ஆல் வகுத்தால் 0.159 கிடைக்கும், அதுவே சரி. f₀/f என்று நேரடியாக வகுத்து, பிறகு 1-ஐக் கழிப்பதை வழக்கமாக்கிக்கொண்டால் இந்தக் குழப்பம் எழாது.

முதல் படி: வரியின் மையத்தை அளத்தல்

நிறமாலைப் பதிவில் ஒரு வரி எந்த இடத்தில் விழுகிறது என்பதை மட்டுமே கருவி சொல்லும். அந்த இடத்தை அலைநீளமாக மாற்றுவதற்கு, அலைநீளங்கள் முன்பே தெரிந்த ஒரு விளக்கின் ஒளியையும் அதே கருவியின் வழியே செலுத்திப் பதிவு செய்வார்கள். விளக்கின் வரிகள் விழுந்த இடங்களையும் அவற்றின் அலைநீளங்களையும் இணைத்து ஒரு வளைகோட்டைப் பொருத்தினால், விண்பொருளின் வரிகளுக்கும் அலைநீளத்தைப் படிக்க முடிகிறது.

வளைகோடு சரியாக இருந்தாலும், அகன்ற வரி ஒன்றின் மையம் எது என்ற கேள்வி மிஞ்சுகிறது. 3சி 273-இன் ஹைட்ரஜன் வரிகள் ஒவ்வொன்றும் சுமார் 50 ஆங்ஸ்ட்ராம் அகலமானவை; ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. அந்த ஒளியை உமிழும் வாயு, திரளின் மையத்தைச் சுற்றி நொடிக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் எல்லாத் திசைகளிலும் நகர்வதால், வரி இருபுறமும் பரந்துவிடுகிறது. இவ்வளவு அகன்ற வரியின் மையத்தைப் புகைப்படத் தகட்டில் சில ஆங்ஸ்ட்ராம் துல்லியத்துக்கு மேல் நிர்ணயிப்பது கடினம். இந்தச் சில ஆங்ஸ்ட்ராமை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; இறுதி விடையின் பிழையளவை அதுவே தீர்மானிக்கப்போகிறது.

அளவீட்டின் போது உறுதிசெய்துகொள்ள வேண்டிய இன்னொன்று, அலைநீளங்கள் காற்றில் குறிக்கப்பட்டவையா, வெற்றிடத்தில் குறிக்கப்பட்டவையா என்பது. ஹைட்ரஜன் பீட்டா வரி காற்றில் 4861.3 ஆங்ஸ்ட்ராம், வெற்றிடத்தில் 4862.7 ஆங்ஸ்ட்ராம். பெற்ற அலைநீளத்தை ஒரு முறையிலும் ஆய்வக அலைநீளத்தை மறு முறையிலும் எடுத்துவிட்டால், z-இல் ஏறத்தாழ 0.0003 பிழை நுழைகிறது. நமது எடுத்துக்காட்டில் இது பெரிதாகத் தெரியாது. ஆனால் குறுகிய வரிகளை நவீனக் கருவியால் அளப்பவருக்கு இது நொடிக்கு 90 கிலோமீட்டர் அளவிலான பிழை. எல்லா வரிகளும் ஒரே திசையில் ஒரே விகிதத்தில் விலகுவதால், வரிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தாலும் இந்தப் பிழை வெளிப்படாது. ஆகவே எண்களை எடுக்கும் பட்டியலின் தலைப்பிலேயே எந்த முறை என்று பார்த்துவிடுவது நல்லது.

இரண்டாம் படி: வரிகளை அடையாளம் காணுதல்

வகுத்தலைவிடக் கடினமான வேலை இதுதான். 3சி 273-இன் நிறமாலையில் 4753, 5032, 5632 ஆங்ஸ்ட்ராம் ஆகிய இடங்களில் வரிகள் இருந்தன. அந்த அலைநீளங்களில் எந்தத் தனிமத்தின் பழக்கமான வரியும் பொருந்தவில்லை. அது ஒரு விண்மீன் என்றே எண்ணப்பட்டதால், அவை பெருமளவு இடம்பெயர்ந்த வரிகளாக இருக்கலாம் என்ற எண்ணம் எவருக்கும் எளிதில் தோன்றவில்லை. வரிகள் சிவப்பிலிருந்து நீலத்தை நோக்கிச் செல்லச் செல்ல இடைவெளி ஒழுங்காகக் குறைந்துவருவதையும், அவற்றின் வலிமையும் அதே வரிசையில் குறைவதையும் ஷ்மிட் கவனித்தபோதுதான் வழி திறந்தது.

அந்த ஒழுங்கைச் சோதிக்கும் முறை, 1 + z = λ/λ₀ என்ற சமன்பாட்டிலேயே இருக்கிறது. ஒரே மூலத்திலிருந்து வரும் எல்லா வரிகளும் ஒரே மடங்கில் நீள்கின்றன. ஆகவே இரண்டு வரிகளின் அலைநீள விகிதத்தை எடுத்தால் (1 + z) நீங்கிவிடுகிறது. மிஞ்சும் விகிதம் ஆய்வகத்தில் உள்ளதேதான். வரிகளின் இடைவெளி மாறும், விகிதம் மாறாது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் z தெரியாமலேயே வரிகளை அடையாளம் காணலாம்.

ஹைட்ரஜன் அணுவின் எலக்ட்ரான் இரண்டாம் ஆற்றல் மட்டத்துக்கு இறங்கும்போது உண்டாகும் வரிகளே பாமர் வரிசை; அது n-ஆம் மட்டத்திலிருந்து இறங்கினால், அலைநீளத்தின் தலைகீழ் (1/4 − 1/n²) என்பதற்கு நேர் விகிதத்தில் இருக்கிறது. பீட்டா வரிக்கு n = 4, அதனால் மதிப்பு 0.1875. காமா வரிக்கு n = 5, மதிப்பு 0.2100. டெல்டா வரிக்கு n = 6, மதிப்பு 0.2222. எனவே பீட்டாவுக்கும் காமாவுக்கும் உள்ள அலைநீள விகிதம் 0.2100/0.1875 = 1.120 ஆகவும், காமாவுக்கும் டெல்டாவுக்கும் உள்ள விகிதம் 0.2222/0.2100 = 1.058 ஆகவும் இருக்க வேண்டும். இப்போது அளந்த எண்களைப் பாருங்கள். 5632/5032 = 1.119. 5032/4753 = 1.059. இரண்டு விகிதங்களும் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பொருந்துகின்றன. தற்செயலாக இரண்டும் ஒருசேர இவ்வாறு அமைவது அரிது.

ஒரே ஒரு வரி மட்டும் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 5632 ஆங்ஸ்ட்ராமில் உள்ள வரியை ஹைட்ரஜன் பீட்டா என்று கொண்டால் z = 0.159. அதையே அயனியான ஆக்சிஜனின் 3727 வரி என்று கொண்டால் z = 0.511; மக்னீசியத்தின் 2798 வரி என்று கொண்டால் z = 1.013; புறஊதாவிலுள்ள ஹைட்ரஜனின் 1216 வரி என்று கொண்டால் z = 3.63. நான்கு விடைகளும் கணக்களவில் பிழையற்றவை. அவற்றுள் ஒன்று மட்டுமே உண்மை. ஒற்றை வரியை வைத்துச் சொல்லப்படும் செம்பெயர்ச்சியை, வரியின் வடிவம் போன்ற வேறு சான்று இல்லாதவரை நான் ஓர் ஊகமாகவே எடுத்துக்கொள்வேன்.

அடையாளம் சரியானால் அது முன்கணிப்பையும் தர வேண்டும். z = 0.158 என்றால், பாமர் வரிசையின் மிக வலிமையான ஆல்ஃபா வரி 6563 × 1.158 = 7600 ஆங்ஸ்ட்ராம் அருகே, அகச்சிவப்பின் விளிம்பில் இருக்க வேண்டும். 3சி 273-ஐ அந்தப் பகுதியில் ஆராய்ந்த பெவர்லி ஓக் அங்கே ஒரு வலிமையான உமிழ்வு வரியைக் கண்டார். எண்கள் சரியாக வருவதைக் காட்டிலும், தேடாத இடத்தில் எதிர்பார்த்த வரி இருப்பது உறுதியான சான்று.

மூன்றாம் படி: z-ஐக் கணக்கிடுதல்

அடையாளம் முடிந்துவிட்டால் எஞ்சுவது எளிய வகுத்தல். ஷ்மிட் தந்த ஆறு வரிகளும் கீழே உள்ளன. அலைநீளங்கள் ஆங்ஸ்ட்ராமில் உள்ளன.

| வரி | பெற்ற λ | ஆய்வக λ₀ | z |
|---|---|---|---|
| ஹைட்ரஜன் பீட்டா | 5632 | 4861 | 0.1586 |
| ஹைட்ரஜன் காமா | 5032 | 4340 | 0.1594 |
| ஹைட்ரஜன் டெல்டா | 4753 | 4102 | 0.1587 |
| ஹைட்ரஜன் எப்சிலான் | 4595 | 3970 | 0.1574 |
| மக்னீசியம் | 3239 | 2798 | 0.1576 |
| ஆக்சிஜன் | 5792 | 5007 | 0.1568 |

ஆறின் சராசரி 0.1581. ஒவ்வொரு மதிப்பும் சராசரியிலிருந்து விலகும் அளவைக் கொண்டு திட்ட விலக்கத்தைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 0.001 வருகிறது. இந்தச் சிதறல் நியாயமானதுதானா என்று கேட்டுப் பார்ப்பதை ஒருபோதும் தவிர்க்கக் கூடாது. மையத்தை நிர்ணயிப்பதில் நான்கைந்து ஆங்ஸ்ட்ராம் தவறினால், 4861 ஆங்ஸ்ட்ராம் வரியில் அது z-ஐ 0.001 அளவு மாற்றும். அதாவது, வரிகளின் அகலத்திலிருந்து நாம் எதிர்பார்த்த பிழையும் எண்களில் தென்படும் சிதறலும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன. ஒத்துப்போகாமல் ஒரு வரி மட்டும் 0.01 அளவு விலகி நின்றிருந்தால், அந்த வரியின் அடையாளத்தையே சந்தேகிக்க வேண்டியிருக்கும்.

பட்டியலில் ஆக்சிஜன் வரி மிகக் குறைந்த மதிப்பைத் தருகிறது. 3சி 273-இல் அந்த வரி வலிமை குறைந்தது. அதைச் சுற்றி அயனியான இரும்பின் பல வரிகள் ஒன்றோடொன்று கலந்து மேடாக நிற்பதால் அதன் மையம் எளிதில் இழுபடும். அதற்காக அதை நீக்கிவிட வேண்டியதில்லை. நீக்கினால் சராசரி 0.1584 ஆகும், வேறுபாடு பிழையளவுக்குள்ளேயே அடங்குகிறது. பிடிக்காத எண்ணை நீக்கும் முன் அதை நீக்கினால் விடை எவ்வளவு மாறுகிறது என்று பார்ப்பது நேர்மையான நடைமுறை. ஆகவே நமது விடை z = 0.158, கடைசி இலக்கத்தில் பாதியளவு ஐயம் உண்டு.

நான்காம் படி: நமது சொந்த இயக்கத்தை நீக்குதல்

இதுவரை கிடைத்த z, பூமியில் நின்றபடி அளந்தது. பூமி சூரியனை நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுவதால், அளக்கும் நாளைப் பொறுத்து z-இல் 0.0001 வரை கூடுதலோ குறைவோ நேரலாம். சூரியனும் நிலையாக இல்லை. அண்டம் முழுவதும் நிறைந்துள்ள நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சைப் பொறுத்து அது நொடிக்கு ஏறத்தாழ 370 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது. 3சி 273 இருக்கும் திசை அந்த இயக்கத்தின் திசைக்கு அருகில் இருப்பதால், சுமார் 345 கிலோமீட்டர் வேகத்தில் நாம் அதை நெருங்குகிறோம். அந்த நெருக்கம் ஒளியைச் சற்று நீலத்தை நோக்கித் தள்ளி, செம்பெயர்ச்சியைக் குறைத்துக் காட்டுகிறது.

இதைத் திருத்தும்போது செம்பெயர்ச்சிகளைக் கூட்டக் கூடாது. (1 + z) காரணிகளைப் பெருக்க வேண்டும். ஒவ்வொரு காரணமும் அலைநீளத்தை ஒரு மடங்கால் மாற்றுகிறது என்பதால், மடங்குகள் பெருக்கலாகவே சேரும். 345 கிலோமீட்டரை ஒளியின் வேகத்தால் வகுத்தால் 0.00115. ஆகவே 1.1581 × 1.00115 = 1.1594; திருத்திய z = 0.159. 3சி 273 தன் சுற்றுப்புறத்தைப் பொறுத்து நொடிக்குச் சில நூறு கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்துகொண்டிருக்கலாம். அந்தப் பங்கை நிறமாலையிலிருந்து தனியே பிரித்தெடுக்க வழியில்லை. இவ்வளவு தொலைவிலுள்ள பொருளுக்கு அது சிறிய பங்கு. ஆனால் z = 0.005 போன்ற அருகிலுள்ள திரளுக்கு, அதுவே மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகலாம்.

ஐந்தாம் படி: z-இலிருந்து வேகம்

வேகத்தைக் கேட்பவர்களுக்கு மூன்று வெவ்வேறு விடைகள் தர முடியும். அவற்றைக் கலந்துவிடாமல் இருப்பதற்கு, ஒவ்வொன்றும் எந்த எண்ணத்திலிருந்து வருகிறது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். ஷ்மிட் வெளியிட்ட மதிப்பான 0.158-ஐ வைத்தே பார்ப்போம்.

முதலாவது, z-ஐ நேராக c-ஆல் பெருக்குவது: நொடிக்கு 47,400 கிலோமீட்டர். ஷ்மிட்டின் கட்டுரையிலும் இந்த எண்ணே தோற்ற வேகமாக இடம்பெற்றது. இது அளவீட்டை வேகத்தின் அலகில் எழுதும் ஒரு வழக்கமே தவிர, எதனுடைய உண்மையான வேகமும் அன்று.

இரண்டாவது, மேலே வருவித்த சார்பியல் சமன்பாட்டைத் திருப்பிப் போடுவது:

β = [(1 + z)² − 1] / [(1 + z)² + 1]

1.158-இன் வர்க்கம் 1.3410. எனவே β = 0.3410/2.3410 = 0.1457, வேகம் நொடிக்கு 43,700 கிலோமீட்டர். சரிபார்க்க விரும்பினால் பின்னோக்கிப் பெருக்கிப் பாருங்கள்: (1 + β) என்பது 1.1457, γ என்பது 1.0108, இரண்டின் பெருக்கம் 1.158. பழைய டாப்ளர் விளைவை மட்டும் நம்பியிருந்தால் வேகத்தை 3,700 கிலோமீட்டர் கூடுதலாக மதிப்பிட்டிருப்போம். γ தரும் பங்கு அவ்வளவு.

ஆனால் இந்தச் சமன்பாடு, விரிவடையாத வெளியில் ஒரு பொருள் நகர்ந்து செல்வதாகக் கொள்கிறது. விண்மீன் திரள்களின் செம்பெயர்ச்சிக்கு இன்று ஏற்கப்பட்ட விளக்கம் வேறு. ஒளி பயணம் செய்துகொண்டிருந்த காலம் முழுவதும் வெளி விரிந்துகொண்டே இருந்தது. திரள்களுக்கு இடைப்பட்ட தொலைவுகள் எத்தனை மடங்கு கூடினவோ அத்தனை மடங்கு அலைநீளமும் கூடியது. இந்தப் பார்வையில் 1 + z-க்கு நேரடியான பொருள் உண்டு: 1/1.158 = 0.864, அதாவது அந்த ஒளி புறப்பட்டபோது தொலைதூரத் திரள்களுக்கு இடைப்பட்ட தொலைவுகள் இன்றுள்ளதில் 86 விழுக்காடாக இருந்தன. இதைச் சொல்ல எந்த மாதிரியையும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதால், z-இலிருந்து பெறக்கூடிய முடிவுகளில் இதையே நான் மிகவும் உறுதியானதாகக் கருதுகிறேன்.

மூன்றாவது விடை, இந்த விரிவின்படி 3சி 273 இன்று நம்மிடமிருந்து விலகும் வேகம். அதற்கு அண்டம் இன்று விரியும் வீதத்தைக் குறிக்கும் ஹபிள் மாறிலியும் அண்டத்தில் பருப்பொருளின் பங்கும் தேவை. மெகாபார்செக்கிற்கு நொடிக்கு 70 கிலோமீட்டர் என்ற ஹபிள் மாறிலியையும், பருப்பொருளுக்கு 30 விழுக்காடு, இருள் ஆற்றலுக்கு 70 விழுக்காடு என்ற பங்கையும் கொண்டால், தொலைவு சுமார் 650 மெகாபார்செக். விலகும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 45,600 கிலோமீட்டர். இந்த எண் முதல் இரண்டுக்கும் இடையில் விழுகிறது. மாறிலியை மாற்றினால் தொலைவு மாறும், z மாறாது.

செம்பெயர்ச்சி கூடக் கூட மூன்று விடைகளும் ஒன்றையொன்று விட்டு வேகமாகப் பிரிகின்றன. z = 2 என்றால் முதல் வழி ஒளியைப் போல இரு மடங்கு வேகத்தையும், இரண்டாவது வழி ஒளியின் வேகத்தில் 80 விழுக்காட்டையும் தரும்; இரண்டுமே விரிவடையும் அண்டத்தில் அந்தத் திரள் விலகும் வேகம் அல்ல. z = 0.01-க்குக் கீழே மூன்றும் நூற்றில் ஒரு பங்கு வேறுபாட்டுக்குள் ஒன்றாகிவிடுவதால், அங்கே எதைப் பயன்படுத்தினாலும் பெரிய தவறு நேராது. அதற்கு மேலே போகும்போது, அளந்த z-ஐயும், அது பூமியைப் பொறுத்ததா, சூரியனைப் பொறுத்ததா, பின்னணிக் கதிர்வீச்சைப் பொறுத்ததா என்பதையும், அதன் பிழையளவையும் முதலில் எழுதிவிட்டு, வேகத்தைச் சொல்வதானால் எந்தச் சமன்பாட்டால் பெற்றது என்று அதன் பக்கத்திலேயே குறிப்பிட வேண்டும்.